களிமண் பிள்ளையார்: வாங்குவது முதல் வாளியில் கரைப்பது வரை

கடையில் எல்லாமே மண் சிலை போலத்தான் தெரிகின்றன. களிமண்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிலையைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். முகத்திலும் கிரீடத்திலும் வண்ணம் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடும். ஆனால் அடிப்பகுதிக்கு யாரும் வண்ணம் பூசுவதில்லை. அங்கே விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரை நிமிடம் கழித்துத் தேய்த்தால், சுடாத களிமண் வழுவழுவென்று குழைந்து விரலில் ஒட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமே தவிரக் குழையாது. நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். எடையும் ஒரு துப்புத்தான்: கையில் எடுத்ததும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் பெரும்பாலும் மண், இலேசாக இருந்தால் உள்ளே குடைவாக வார்த்த பிளாஸ்டர் அல்லது காகிதக் கூழ்.

பலர் தவறவிடுவது மூன்றாவது வகையை. செம்மண் நிறத்தில் அழகாக இருக்கும் சூளையில் சுட்ட சிலையும் மண்தான், விற்பவர் மண் என்று சொல்வதும் பொய்யில்லை. ஆனால் சூளையில் வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. பூந்தொட்டி மழையில் கரையாதது போலவே அந்தப் பிள்ளையாரும் வாளியில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையமாட்டார். அதை வாங்கலாம், ஆண்டுதோறும் அதையே வைத்துப் பூசிக்கலாம். கரைப்பதற்கென்று மட்டும் வாங்க வேண்டாம். விரலால் தட்டினால் சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும், சுடாத மண் மந்தமாக ஒலிக்கும்.

வண்ணம் பூசிய களிமண் சிலை என்றால், ஈரத்துணியால் ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது நீரில் கரையும் வண்ணம். ஏறாமல் பளபளப்பாகவே நின்றால் எனாமல். அது சிலைக்கு மேல் ஒரு தோல் போல மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது என்பதால், உள்ளே நல்ல களிமண் இருந்தும் பயனில்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதத்தில் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளும் பிளாஸ்டர், தெர்மோகோல், நச்சுள்ள வண்ணங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன. என்னைக் கேட்டால், மர அச்சில் அழுத்தி எடுத்து, கண்ணுக்குக் குன்றிமணி மட்டும் பதித்த வண்ணமில்லாத பிள்ளையாரே போதும். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வீட்டில் நாமே இட்டுக்கொள்ளலாம்.

சதுர்த்தி அன்று காலையில்தான் வாங்க வேண்டுமா, முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

அன்று காலையில் மணையை எடுத்துக்கொண்டு போய், அச்சிலிருந்து அப்போதே எடுத்துத் தரும் பிள்ளையாரைத் துணியால் மூடி வீட்டுக்கு அழைத்து வருவது பல குடும்பங்களின் வழக்கம். அதில் குறையொன்றும் இல்லை. முதல் நாள் மாலையிலோ ஒரு வாரம் முன்போ வாங்கி வைப்பதாலும் தோஷமில்லை. பூஜையில் பிராண பிரதிஷ்டை செய்த பிறகுதான் அந்தச் சிலை வழிபாட்டுக்குரிய மூர்த்தியாகிறது, அதுவரை அது மண் உருவம்தான்.

கைவினை நோக்கில் பார்த்தால், முன்கூட்டி வாங்குவதில் ஒரு பெரிய நன்மை உண்டு, அது கரைக்கும் நாளில்தான் தெரியவரும். அச்சிலிருந்து அன்று எடுத்த சிலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளியேற வேண்டும். வெயிலில் வைத்தாலோ மின்விசிறிக்கு நேராக வைத்தாலோ மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும்; உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மண் அந்தச் சுருக்கத்துக்கு இடம் கொடுக்காது; விளைவு, கழுத்திலோ தும்பிக்கை முகத்தோடு சேரும் இடத்திலோ ஒரு விரிசல். ஆகவே முதல் இரண்டு நாள் நிழலில், காற்று நேராகப் படாத இடத்தில், மெல்லிய பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், அதற்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எதன் மேல் அமர்த்துவது? மண் பிள்ளையாருக்கு அபிஷேகம் உண்டா?

மணையில் மாக்கோலம் இட்டு, அதன்மேல் நுனி வாழையிலை விரித்து, இலையில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் கிழக்கு நோக்கி அமர்த்துவது பரவலான முறை. அரிசிக்குச் சமய முறையில் சொல்லப்படும் காரணம் இருக்கட்டும். நடைமுறையிலும் அது உதவுகிறது. ஈரச் சிலையை வெறும் மரத்தில் வைத்தால் அடிப்பகுதி மரத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பெயர்ந்துவிடும். அரிசி இடையில் இருந்தால் அடியிலும் கொஞ்சம் காற்று போகும், காயும்போது சுருங்கவும் இடம் கிடைக்கும்.

மந்திரங்களுடன் செய்பவர்கள் முதலில் மஞ்சளில் ஒரு சிறு பிள்ளையார் பிடித்து, இடையூறு நீங்க அவரைப் பூசித்துவிட்டு, பின்பு மண் பிள்ளையாருக்குப் பிராண பிரதிஷ்டை செய்வார்கள். ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியில் நண்பகலை ஒட்டிய நேரம் இதற்கு உகந்ததாகக் கருதப்படுகிறது. மந்திரம் தெரியாதவர்கள் விளக்கேற்றி, அருகம்புல் சாற்றி, தெரிந்த ஒரு பாட்டைப் பாடி, கொழுக்கட்டை நைவேத்தியம் செய்தால் போதும்.

அபிஷேகத்தை மண் சிலைக்கு நேராகச் செய்யாதீர்கள். பூவால் தண்ணீர் தொட்டுத் தெளித்தாலே போதும். அல்லது பக்கத்தில் ஒரு கொட்டைப்பாக்கையோ வெள்ளி, பித்தளை விக்கிரகத்தையோ வைத்து அதற்குப் பாலும் நீரும் விடலாம். பால் மண்ணில் ஊறினால் மறுநாளே புளித்த வாடை வரும், எறும்பும் வரும். குத்துவிளக்கையும் சிலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் அந்தப் பக்கம் மட்டும் வெடிக்கும்.

இரண்டாம் நாள் கழுத்தில் விரிசல் விட்டு, தும்பிக்கை நுனி விழுந்துவிட்டது. அபசகுனமா?

இல்லை. மேலே சொன்ன சுருக்கம்தான் காரணம். பூஜைக்கு முன்பே நேர்ந்தால் தயங்காமல் சரிசெய்யுங்கள். சிலை விற்றவரிடம் எலுமிச்சை அளவு களிமண் உருண்டை கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது. அதில் சிறிதளவைத் தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்து, உடைந்த இரு முகங்களையும் முள்கரண்டியால் கீறிச் சொரசொரப்பாக்கி, இலேசாக நனைத்து, அந்தக் குழம்பைத் தடவி அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். முற்றிலும் காய்ந்த சிலையில் இது சரியாகப் பிடிக்காது. ஒட்டிய மண் சுருங்கும், பழைய மண் சுருங்காது என்பதால் மறுபடி விழும். அப்போது குழம்பில் கொஞ்சம் கோதுமைமாவுப் பசை கலந்துகொள்ளலாம். ஃபெவிகால், எபாக்சி போன்றவை வேண்டாம், அவை வாளியில் கரையாமல் தங்கிவிடும்.

பிரதிஷ்டைக்குப் பிறகு உறுப்பு பெரிதாக உடைந்துவிட்டால், பல வீடுகளில் அன்றைக்கே புனர்பூஜை செய்து முடித்துவிடுகிறார்கள். மயிரிழை விரிசலுக்கு அதெல்லாம் தேவையில்லை; சந்தனத்தை அங்கே சற்றுக் கூடுதலாக இட்டால் மறைந்துவிடும்.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? செவ்வாய், வெள்ளியில் அனுப்பக் கூடாது என்கிறார்களே?

ஒன்றரை நாள், மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று வீட்டுக்கு வீடு மாறும். பத்து நாள் வைத்து அனந்த சதுர்த்தசியில் அனுப்புவது மராட்டியப் பொது விழாக்களின் வழியே பரவலாக அறியப்பட்ட முறை. உங்கள் வீட்டில் எத்தனை நாள் காலையும் மாலையும் விளக்கேற்றி, ஒரு சுண்டலாவது நைவேத்தியம் செய்ய முடியுமோ அத்தனை நாள் வையுங்கள். ஐந்து நாள் என்று தீர்மானித்துவிட்டு மூன்றாம் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைவிட, மூன்று நாளே மேல்.

செவ்வாயும் வெள்ளியும் அனுப்புவதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம். கணக்கிடும்போது சதுர்த்தி நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும். 2025-இல் சதுர்த்தி ஆகஸ்ட் 27, புதன்கிழமை. மூன்றாம் நாள் வெள்ளியில் விழுந்ததால் பலர் ஐந்தாம் நாளான ஞாயிறுவரை வைத்திருந்தார்கள். 2026-இல் செப்டம்பர் 14, திங்கள். இரண்டாம் நாள் செவ்வாய், ஐந்தாம் நாள் வெள்ளி என்று வருவதால், இந்த வழக்கம் உள்ளவர்களுக்கு மூன்றாம் நாள் புதனோ ஏழாம் நாள் ஞாயிறோ பொருந்தும்.

அனுப்பும் நாளில் புனர்பூஜை செய்து, தயிர்சாதமோ சுண்டலோ படைத்து, கற்பூரம் காட்டி, சிலையைப் பிடித்து வடக்குப் பக்கமாகச் சற்றே நகர்த்தி வைப்பார்கள். அதோடு வழிபாடு நிறைவு பெறுகிறது. நகர்த்திய உடனே தண்ணீருக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. அடுத்த கேள்விக்கு இது பயன்படும்.

மூன்றாம் நாள் வாளியில் வைத்தோம். மறுநாள் காலையிலும் பாதிப் பிள்ளையார் கரையாமல் அப்படியே இருந்தார். மண்ணில் ஏதோ கலப்படமா?

பெரும்பாலும் கலப்படம் இல்லை. சிலை காயவில்லை, அவ்வளவுதான். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், காய்ந்த களிமண்தான் தண்ணீரில் வேகமாகக் கரையும்; ஈரக் களிமண் கரையாது. குயவர்கள் பழைய மண்ணை மீண்டும் குழைக்க நினைத்தால் அதை முதலில் எலும்பு போலக் காயவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார்கள்.

முழுதும் காய்ந்த மண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகளில் காற்றுத்தான் நிறைந்திருக்கும். தண்ணீரில் வைத்ததும் அந்தத் துளைகள் நீரை வேகமாக உறிஞ்சும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்கப்படும். நனைந்த மேலடுக்கு உப்பும். இரண்டும் சேர்ந்து மண்ணைச் செதில் செதிலாக உதிர்க்கும். சிறு குமிழிகள் சரசரவென்று வருவதைக் கண்ணால் பார்க்கலாம், காதாலும் கேட்கலாம். ஈரச் சிலையிலோ துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. புதிதாக உள்ளே போக எதற்கும் இடமில்லை; வெளிப்புறம் மட்டும் வழுக்கி வழுக்கித் தேயும், உள்ளே கட்டி அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். 2024-இல் சதுர்த்தி செப்டம்பர் 7, சனிக்கிழமை. முக்கால் அடி உயரப் பிள்ளையாரை அன்று காலையில் வாங்கி, மூன்றாம் நாள் திங்கள் மாலையில் வாளியில் வைத்தோம். முகமும் கைகளும் இரவுக்குள் போய்விட்டன. மறுநாள் காலையில் வயிறும் பீடமும் சேர்ந்த ஒரு பெரிய கட்டி நின்றது. கையால் பிசைந்து கரைக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு அதே அளவுச் சிலையை வாங்கிய அன்றே சமையலறைத் தராசில் நிறுத்தபோது 2 கிலோ 800 கிராம் இருந்தது. ஐந்தாம் நாள் புனர்பூஜை முடித்து நகர்த்திவிட்டு, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் நிழலிலேயே விட்டுவிட்டோம். வாரம் ஒருமுறை நிறுத்தோம். எடை 2 கிலோ 200 கிராமுக்கு வந்து, அதற்கு மேல் குறையவில்லை. அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பிறகு 15 லிட்டர் தண்ணீரில் வைத்தோம். பத்து நிமிடத்தில் தும்பிக்கை உதிர்ந்தது, ஒரு மணி நேரத்தில் உருவம் சரிந்து குவியலானது, மதியத்துக்குள் ஒரு குச்சியால் கலக்கினால் சேறாகிவிடும் பதத்துக்கு வந்துவிட்டது.

தராசு இல்லாதவர்கள் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம். ஈரமான இடம் கருமையாகவும் காய்ந்த இடம் வெளிறியும் இருக்கும்; அடிப்பகுதி நடுவரை வெளுத்திருக்க வேண்டும். அத்துடன் சிலையின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

மூன்று வாரம் காத்திருக்க மனமில்லை, அன்றே அனுப்பிவிட வேண்டும் என்பவர்கள் சிலையை ஒரு அகலமான தாம்பாளத்தில் அமர்த்தி, குடும்பத்தார் ஒவ்வொருவராகச் சொம்பால் மேலிருந்து தண்ணீர் விடலாம். ஓடும் நீர் தேங்கிய நீரைவிட விரைவாக மண்ணை அரிக்கும். மிஞ்சும் கட்டியை வாளியிலேயே விட்டு, தினமும் குச்சியால் ஒருமுறை கலக்கினால் நான்கைந்து நாளில் தீரும். அதற்குள் தண்ணீரில் கொசு முட்டையிடாதபடி வாளியைத் துணியால் கட்டி மூடுங்கள்.

வாளியில் வைப்பதற்கு முன் எதையெல்லாம் எடுத்துவிட வேண்டும்?

மாலை, பூணூல், காகிதக் குடை, ஜரிகை, தெர்மோகோல் என்று ஒட்டியிருக்கும் அனைத்தையும். அருகம்புல்லும் பூக்களும் தனியாக உரக்குழிக்குப் போகலாம். தண்ணீரிலேயே விட்டால் இரண்டு நாளில் அழுகி நாறும். எருக்கம்பூ மாலையைக் கையாண்ட பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கண்ணாகப் பதித்த இரண்டு குன்றிமணிகள். சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு மிட்டாய் போல இருக்கும் அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. தோல் உடையாத விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்; கடித்து மென்றால்தான் பேராபத்து. குழந்தை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியலாம். ஆகவே கரைப்பதற்கு முன்பே இரண்டையும் நெம்பி எடுத்து, எண்ணிப் பார்த்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே கண்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கரைத்த சேற்றைச் செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் ஒரே தொட்டியில் அல்ல. சிலை செய்யும் களிமண் மிக நுண்ணிய துகள்களால் ஆனது. அதைத் தொட்டியில் அப்படியே ஊற்றினால் மேலே ஒரு தகடு போலக் காய்ந்து, தண்ணீரும் காற்றும் இறங்காமல் வேரை அழுகச் செய்யும். வாளியை ஒரு நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். மேல் தண்ணீரைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, அடிமண்ணைக் காயவைத்து உதிர்த்து, ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு என்ற கணக்கில் மட்கிய எருவும் தேங்காய்நார்த் தூளும் கலந்துகொள்ளுங்கள். தென்னையோ வாழையோ உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, மரத்தைச் சுற்றிப் பரவலாகக் கொட்டிவிடலாம். கழிவுநீர்க் குழாயில் மட்டும் ஊற்றக் கூடாது. குழாயின் வளைவில் படிந்து இறுகிவிடும்.

விதைப் பிள்ளையார் வாங்கியிருந்தால், மூன்று வாரம் காயவைத்தாலும் விதைக்குக் கேடில்லை. ஆனால் முளைப்பதற்கு அந்தச் சேற்றை எருமண்ணுக்கு மேல் விரல் கனத்துக்குக் குறைவாகவே பரப்ப வேண்டும்.

ஆற்றிலும் ஏரியிலும் களிமண் பிள்ளையாரைக் கரைத்தால் நிலத்தடி நீர் ஊறும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

களிமண்ணின் இயல்பு அதற்கு நேர்மாறானது. குளத்தில் நீர் கசியாமல் நிற்க அடியில் களிமண் பூசுவது பழைய உத்தி. மணற்பாங்கான ஆற்றில் களிமண் படிந்தால் துளைகள் அடைபடுமே தவிர, நீர் கூடுதலாக இறங்காது. ஒரு சிறு சிலை ஓர் ஏரியை எதுவும் செய்துவிடாது என்பதும் உண்மை. முன்பு ஊரார் கிணற்றிலும் குளத்திலும் கரைத்தது அந்த அளவில்தான். வழக்கத்தை வழக்கமென்றே சொல்லலாம், அதற்கு இல்லாத அறிவியலைச் சேர்க்கத் தேவையில்லை. வெளியில்தான் கரைக்க விரும்புகிறீர்கள் என்றால், மாவட்ட நிர்வாகம் அந்த ஆண்டு அறிவித்திருக்கும் இடங்களில் மட்டுமே கரையுங்கள்.

தெரியாமல் பிளாஸ்டர் சிலை வாங்கிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

நீர்நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம். எளிய வழி, புனர்பூஜை செய்து தண்ணீர் தெளித்து நிறைவு செய்துவிட்டு, துடைத்து எடுத்து வைத்து, அடுத்த ஆண்டும் அதையே வைப்பது.

கரைத்தே ஆக வேண்டும் என்றால், புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் பரிந்துரைத்த அம்மோனியம் பைகார்பனேட் முறை உண்டு. அது பேக்கரிகளில் பயன்படும் ஒரு பொடி; சமையல் சோடா அல்ல, பெயர் பார்த்து வாங்குங்கள். சிலையின் எடைக்குச் சமமான எடைப் பொடியைச் சிலை முழுகும் அளவுத் தண்ணீரில் கலந்து சிலையை வைத்து, அவ்வப்போது கிளறினால், பிளாஸ்டரிலுள்ள கால்சியம் சல்பேட் இரண்டு நாளளவில் சுண்ணாம்புப் படிவாக மாறி உதிரும். மேலே நிற்கும் நீரில் அம்மோனியம் சல்பேட் இருக்கும். அது உரம்தான் என்றாலும், நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தபின்தான் செடிக்கு விட வேண்டும். எனாமல் பூசிய சிலை என்றால் அந்த நீரைச் செடிக்கும் விட வேண்டாம். அம்மோனியா நெடி வீசும் என்பதால் மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வண்ணத் தோலும் உள்ளே வைத்த கம்பியும் மட்டும் மிஞ்சும், அவற்றை உலர்ந்த குப்பையில் சேர்த்துவிடலாம்.